ஐஇஎல்டிஎஸ் தேர்வன்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால்: ஐந்து நாள் கெடுவும் மருத்துவச் சான்றும்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து வெளிநாட்டு நர்சிங் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் பலர். கட்டணம் இப்போது ரூ.18,000-ஐ ஒட்டி இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் தேர்வுக்குப் போகாவிட்டால் அந்தப் பணம் முழுவதும் போய்விடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடுமையான உடல்நலக் குறைவு போன்ற அவசரக் காரணம் இருந்து, தேர்வு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் உரிய சான்றைத் தேர்வு மையத்துக்குக் கொடுத்தால், வேறு தேதி கேட்கலாம் அல்லது பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

காரணம் உண்மையாக இருந்தும் பணத்தை இழக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகட்டும் என்று காத்திருந்து ஐந்து நாளைத் தாண்டிவிடுகிறார்கள். அல்லது கையில் இருக்கும் சான்றிதழில் தேர்வுத் தேதிக்கு வேண்டிய வரி இல்லை. இந்த இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்பதைக் கீழே வரிசையாகப் பாருங்கள்.

1. உங்கள் காரணம் ஏற்கப்படுகிற வகையா என்று முதலில் பாருங்கள்

தேர்வு விதிகள் கடுமையான காரணம் என்று கருதுபவை சிலவே. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கான நோய் அல்லது காயம், நெருங்கிய குடும்பத்தினரின் மரணம், விபத்துக்கோ பிறர் செய்த குற்றச் செயலுக்கோ ஆளானது, ராணுவப் பணி. லேசான சளி, காய்ச்சல் போன்றவை இதில் சேராது.

'வைரல் ஃபீவர், மூன்று நாள் ஓய்வு' என்று தெருமுனை கிளினிக்கில் எழுதி வாங்கிய ஒற்றைச் சீட்டு பெரும்பாலும் நிராகரிக்கப்படுவதற்கு இதுதான் காரணம். அந்தச் சீட்டு பொய் என்று யாரும் சொல்லவில்லை. நோயின் கடுமையை அது காட்டவில்லை, அவ்வளவுதான். அதே காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை முடிவும், சலைன் ஏற்றிய பதிவும், அட்மிஷன் சீட்டும் இருந்தால் கதையே வேறு.

ரயில் தாமதம், சுங்கச்சாவடியில் பஸ் நின்றது, பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்தது ஆகியவை இந்த விலக்கில் வராது. வேலூரிலிருந்து சென்னை மையத்துக்குப் போகிறவர்கள் அன்று விடியற்காலையில் கிளம்பாமல் முதல் நாளே போய்த் தங்குவது மேல். பயணத்தில் ஏற்படும் தாமதத்துக்குக் காட்ட எந்தச் சான்றும் கிடைக்காது.

தேர்வறைக்குள் போய் எழுதத் தொடங்கிய பிறகு உடம்புக்கு முடியாமல் போனால், அதை 'வராதவர்' கணக்கில் கோர முடியாது. அப்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே காய்ச்சல் 103-ல் இருக்கும்போது 'எப்படியாவது எழுதிப் பார்க்கலாம்' என்று உள்ளே போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஸ்பீக்கிங் பகுதி தனி நாளில் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். மற்ற மூன்றையும் எழுதி ஸ்பீக்கிங்கை மட்டும் தவறவிட்டால், சான்றிதழ் அந்த ஸ்பீக்கிங் தேதியைத்தான் குறிப்பிட வேண்டும். ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' வசதி இதற்கு உதவாது, அது நான்கு பகுதியையும் முடித்தவர்களுக்கானது.

2. ஐந்து நாளை எப்படி எண்ணுவது

வேலை நாள் கணக்கை மறந்துவிடுங்கள். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் சேர்ந்தே நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு சனிக்கிழமை என்றால் ஞாயிறு முதல் நாள், வியாழன் ஐந்தாம் நாள். தேர்வு நாளையும் சேர்த்து எண்ணினால் புதன்கிழமையே முடிந்துவிடும். இரண்டில் எது சரி என்று மையத்தோடு வாதாடும் நிலைக்கு நீங்கள் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அனுப்பி முடிப்பதே உங்கள் இலக்காக இருக்கட்டும். புதனும் வியாழனும் விடுபட்ட தாளைச் சேர்ப்பதற்கான அவகாசம்.

தேர்வுக்கு முன்பே முடியாது என்று தெரிந்துவிட்டால், அன்றே மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி கைப்பேசியில் நான்கு வரி போதும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், தேர்வுத் தேதியும் மையமும், எந்த மருத்துவமனையில் எப்போது சேர்ந்தீர்கள் என்பது. சான்று பின்னால் வரும் என்று கடைசியில் சேருங்கள். இந்த மின்னஞ்சல் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் காரணம் தேர்வுக்குப் பிறகு யோசித்துச் சொன்னது அல்ல என்பதற்கு இதன் தேதியும் நேரமும் சாட்சி. உங்களால் தட்டச்சு செய்ய முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் உங்கள் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பட்டும்.

இங்கே நம் ஊரில் அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பயிற்சி மையத்தார் தங்கள் மின்னஞ்சலிலும் தங்கள் கார்டிலும் உங்களுக்குப் பதிவு செய்து கொடுத்திருப்பார்கள். அப்படியானால் தேர்வு மையத்தின் பதில் அவர்கள் பெட்டிக்குப் போகும், திரும்ப வரும் பணமும் செலுத்திய கார்டுக்கே போகும். பதிவு செய்யும்போதே உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண், உங்கள் கார்டு அல்லது யுபிஐ கேளுங்கள். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால் கணக்கின் கடவுச்சொல்லை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்

இதில்தான் நீங்கள் அதிக கவனம் வைக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழுக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு படிவம் உண்டு. மருத்துவர்களின் தொழில் நெறி குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. நோயாளியின் கையொப்பம் அல்லது கைநாட்டு, அங்க அடையாளம், நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓய்வு தேவை என்பதெல்லாம் அதில் வரும். தான் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் மருத்துவர் ஒரு பதிவேட்டில் எழுதி நகல் வைக்க வேண்டும் என்பதும் அதே விதி. உங்கள் கையொப்பமும் மச்சமும் இல்லாத சான்றிதழைப் பார்த்ததும் அது அவசரத்தில் எழுதியது என்று தெரிந்துவிடும்.

அந்தப் படிவம் வேலைக்கு விடுப்பு எடுப்பதற்காக அமைந்தது. தேர்வுக்கு அது மட்டும் போதாது. மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம் பக்கத்தில் பெயர்தான் முதலில் இடிக்கும். ஓ.பி. சீட்டில் 'கவிதா, 26, பெண்' என்று இருக்கும். ஆதாரில் 'கவிதா ச' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'கவிதா சங்கர்' ஆகியிருக்கும். தேர்வு மையம் பாஸ்போர்ட் பெயரைத்தான் அறியும். சேர்க்கும்போதே பாஸ்போர்ட் நகலைக் காட்டி அதே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். முன்பே வேறு மாதிரி பதிவாகிவிட்டது என்றால், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து எழுதச் சொன்னால் சிக்கல் தீரும்.

அடுத்தது நோயின் பெயர், மருத்துவர் நேரில் பார்த்த தேதி, உள்நோயாளி என்றால் சேர்ந்த தேதி.

இதற்கெல்லாம் மேலாக, தேர்வு நாளைத் தேதியோடு குறிப்பிட்டு 'இந்த நாளில் தேர்வு எழுதும் உடல்நிலையில் இல்லை' என்ற ஒரு வரி. 'ஐந்து நாள் ஓய்வு தேவை' என்று மட்டும் இருந்தால், தேர்வு நாள் அதற்குள் வருகிறதா என்று படிக்கிறவர் கணக்குப் போட வேண்டும். போட மாட்டார். இந்த வரியை மருத்துவர் தானாக எழுதுவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக மருத்துவரின் பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கையொப்பம், தேதி, முத்திரை, மருத்துவமனைத் தொலைபேசி எண். பதிவு எண் இல்லாத சான்றிதழைச் சரிபார்க்க வழியில்லை. முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

தேர்வு முடிந்த மூன்றாம் நாள் ஒரு மருத்துவரைப் பார்த்து, 'சனிக்கிழமையிலிருந்தே காய்ச்சல் இருந்தது' என்று எழுதி வாங்குவது வீண் வேலை. பார்க்காத நாளுக்கு மருத்துவர் சான்று சொல்ல முடியாது, நேர்மையானவர் எழுதவும் மாட்டார். தேர்வு நாளிலோ அதற்கு முன்போ ஒரு மருத்துவர் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டிலேயே சுருண்டு படுத்திருந்தால், எவ்வளவு முடியாமல் இருந்தாலும் தாளில் எதுவும் இருக்காது. பணம் கொடுத்தால் எந்தத் தேதிக்கும் சான்று தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். மையத்தார் மருத்துவமனைக்குப் பேசிக் கேட்கலாம். பதிவேட்டில் அப்படி ஒரு சான்று இல்லை என்று தெரிந்தால் கட்டணத்தை விடப் பெரிய இழப்பு வரும். விசா விண்ணப்பத்தின் நடுவில் இருக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவே கூடாது.

4. சான்றை எங்கே, எப்போது வாங்குவது

அரசு மருத்துவமனை என்றால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ உங்கள் ஊர்த் தாலுகா மருத்துவமனையோ, இரண்டிலும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். உங்களைப் பார்க்கும் யூனிட் மருத்துவர் எழுத வேண்டும், அதற்கு நிலைய மருத்துவ அலுவலர் அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்த அலுவலகம் அலுவலக நேரத்தில்தான் இயங்கும். ஞாயிறு அங்கே போய் நிற்க வேண்டாம், திங்கள் காலையில் போங்கள். யூனிட் மருத்துவர் காலையில் வார்டு சுற்றி வரும்போதே கேட்டுவிட்டால் அன்றே முடியும். மதியம் கேட்டால் மறுநாள் ஆகிவிடும்.

சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையில் உங்கள் மருத்துவமனை எண்ணைத் தயாராக வைத்திருங்கள். எல்லாத் தாளிலும் அந்த எண் ஒன்றாக இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்: சீட்டு, பரிசோதனை முடிவு, ரசீது, சான்றிதழ் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று அதுவே காட்டும். கூட்டம் அதிகம் என்பதால், சான்று வேண்டும் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

முழு மருத்துவப் பதிவுகளையும் கேட்டு அலைய வேண்டாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாளை அவர்கள் முழுமையாக எடுத்துக்கொண்டாலே உங்கள் கெடு முடிந்துவிடும். முதலில் ஒரு பக்கச் சான்றிதழ், பிறகு கையில் இருக்கும் தாள்கள். அதுவே போதும்.

செலவு பெரிதல்ல. தனியார் கிளினிக்கில் சான்றிதழுக்கு ஆலோசனைக் கட்டணத்தோடு சில நூறு ரூபாய் ஆகலாம். தேர்வு மையம் மூலச் சான்றிதழைக் கேட்டால் அனுப்பும் கூரியர் செலவு தனி. ஒரே தாளை இரண்டு மூலப் பிரதியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று மையத்துக்கு, ஒன்று உங்களிடம்.

5. ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம்

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு செவிலியருக்குச் சனிக்கிழமை சென்னையில் தேர்வு. புதன்கிழமை காய்ச்சல் தொடங்குகிறது. வியாழன் அன்று ஊரில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்கிறார், டெங்கு என்று முடிவு வருகிறது. வெள்ளி காலை பிளேட்லெட் இறங்கி அடுக்கம்பாறையில் உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள்.

வெள்ளி மதியமே தம்பி அவருடைய மின்னஞ்சலிலிருந்து மையத்துக்கு எழுதுகிறார். கூடவே பரிசோதனை முடிவையும் அட்மிஷன் சீட்டின் படத்தையும் சேர்க்கிறார். சனி தேர்வு போய்விடுகிறது. ஞாயிறு செய்ய ஒன்றுமில்லை.

வார்டில் எல்லாரும் சொல்வது, 'டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி தருவாங்க, அதைக் கொடுத்தா போதும்' என்பது. பிளேட்லெட் ஏறும்வரை விடமாட்டார்கள், டிஸ்சார்ஜ் வியாழனோ வெள்ளியோ ஆகலாம். வியாழன் மாலை சம்மரி கைக்கு வந்தால் கெடுவின் விளிம்பு, வெள்ளி வந்தால் முடிந்தது. ஆகவே காத்திருக்கக் கூடாது. திங்கள் காலை வார்டு சுற்றில் மருத்துவரிடம், 'வெள்ளிக்கிழமை முதல் உள்நோயாளியாகச் சிகிச்சையில் இருக்கிறார், சனிக்கிழமை தேர்வு எழுதும் நிலையில் இல்லை, சிகிச்சை தொடர்கிறது' என்று எழுதி வாங்க வேண்டும். இன்னும் உள்ளே இருக்கிறவருக்கு இப்படிச் சான்று தர எந்தத் தடையும் இல்லை. தம்பி முத்திரை வாங்கி, திங்கள் மாலைக்குள் அனுப்பிவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரி வந்ததும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகச் சேர்த்து அனுப்பினால் போதும்.

இவர் வெள்ளியன்று ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே கஞ்சி குடித்துப் படுத்திருந்தால், டெங்கு முடிவு கையில் இருந்தும் வழக்கு பலவீனம்தான். பரிசோதனை முடிவு நோயைக் காட்டும், தேர்வு நாளில் எழுத முடியாத நிலையைக் காட்டாது. அப்போது வெள்ளி அல்லது சனியன்று ஒரு மருத்துவர் பார்த்து எழுதிய சீட்டு கட்டாயம் வேண்டும்.

6. விபத்து, மரணம் என்றால்

விபத்தில் மருத்துவமனைக்குப் போனால், விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகல், சிகிச்சைச் சான்று, புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை ஆகியவை போதும். முதல் தகவல் அறிக்கை பதிவாகத் தாமதமானால் சி.எஸ்.ஆர். ரசீதை வைத்து அனுப்பிவிடுங்கள்.

மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ் ஐந்து நாளில் வராமல் போகலாம், பதிவு செய்வதற்கே 21 நாள் அவகாசம் உண்டு. மருத்துவமனை தரும் இறப்பு அறிக்கையை முதலில் அனுப்பி, சான்றிதழ் பின்னால் வரும் என்று எழுதுங்கள். உறவை நிரூபிப்பதும் உங்கள் வேலை. ரேஷன் கார்டு தமிழில் இருப்பதால் மையத்தில் அதைப் படிக்க முடியாமல் போகலாம். தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி என்றால் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தின் நகலை வையுங்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் நீங்களே செய்ய முடியாது. மாமாவோ சித்தப்பாவோ ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

7. அனுப்பும் முறை

தேதி மாற்றத்துக்கும் பணம் திரும்பக் கேட்பதற்கும் ஒரே விண்ணப்பப் படிவம்தான். இந்தியாவில் தேர்வை நடத்தும் ஐடிபி-யின் உங்கள் கணக்கிலோ, பதிவு உறுதி மின்னஞ்சலில் உள்ள முகவரியில் கேட்டோ அதைப் பெறலாம். படிவத்தில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்வது? பணம் கேட்டால் நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டுதான் வரும், வர நாளும் ஆகும். எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள் என்றால் தேதி மாற்றமே லாபம். புதிய தேதியைப் பழைய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வைத்துக் கேளுங்கள். டெங்கு, டைஃபாய்டு போன்றவற்றிலிருந்து எழுந்தவர்கள் இரண்டாவது வாரத்திலேயே தேதி கேட்காதீர்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து எழுத உடம்பில் தெம்பு வர வேண்டும், மறுபடி தவறவிட்டால் இன்னொரு முறை இதே சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எல்லாத் தாளையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். வரிசை: படிவம், மருத்துவச் சான்றிதழ், அட்மிஷன் சீட்டு, பரிசோதனை முடிவு, பாஸ்போர்ட் முதல் பக்கம். முத்திரையும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அனுப்பினால் ஊதா முத்திரை மங்கிப் போயிருக்கும். முதலில் மையத்துக்கு எழுதிய அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். மூலத்தைக் கேட்டால் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வேலை நாளில் பதில் இல்லை என்றால் அதே தொடரில் நினைவூட்டுங்கள், தொலைபேசியிலும் கேளுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து, 'இன்று பேசினேன்' என்று ஒரு வரி மின்னஞ்சலில் போடுங்கள்.

8. நிராகரித்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'சான்று போதவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் தேர்வு நாளைக் குறிப்பிடும் வரி இல்லை, அல்லது பெயர் பொருந்தவில்லை. இரண்டையும் அதே மருத்துவரிடம் போய்ச் சரிசெய்து வாங்க முடியும். வேறு மருத்துவரிடம் புதுச் சான்று வாங்காதீர்கள், இரண்டு சான்றும் ஒன்றோடொன்று முரண்பட்டால் முதலில் கொடுத்ததும் சந்தேகத்துக்கு உள்ளாகும். திருத்திய தாளில் திருத்திய தேதியும் மருத்துவரின் கையொப்பமும் இருக்கட்டும். முதல் விண்ணப்பம் கெடுவுக்குள் போயிருக்கிறது என்பதைத் தேதியோடு நினைவூட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து மறுபரிசீலனை கேளுங்கள். 'கெடு முடிந்துவிட்டது' என்று வந்தால், தேர்வுக்கு முன்னரோ ஐந்து நாளுக்குள்ளோ அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டுங்கள். அது இல்லாதவர்கள் புதிதாகக் கட்டணம் கட்டி அடுத்த தேதியைப் பதிவு செய்வதுதான் வழி. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கோ செவிலியர் பதிவுக்கோ மதிப்பெண் அனுப்பக் கடைசித் தேதி நெருங்கினால், மறுபரிசீலனையின் முடிவுக்குக் காத்திராமல் அடுத்த தேர்வுத் தேதியில் ஓர் இருக்கையை முதலில் பிடித்துவிடுங்கள்.